சராசரி ஏறும், பாக்கியும் ஏறும்

பொறியியல் கல்லூரிகளில் நான்காம் செமஸ்டர் முடிவு வந்தவுடன் ஒரு கணக்கு சூடுபிடிக்கும். வளாக வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்களில் பல, சிஜிபிஏ 7-க்குக் கீழே இருப்பவர்களை முதல்கட்டத் தேர்வுக்கே அழைப்பதில்லை. ஒரு மாணவியின் கையில் 6.20 இருக்கிறது. படிப்பில் சரிபாதி முடிந்துவிட்டது. அவள் இப்படிக் கணக்குப் போடுகிறாள்: முதல் நான்கு செமஸ்டரில் 6.2, அடுத்த நான்கில் 7.8 எடுத்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க 7 வந்துவிடும்.

வராது. 6.94 தான் வரும். நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம் 6.94-ஐ 7 என்று எடுத்துக்கொள்ளாது. அந்த 0.06 எங்கே போனது என்று பார்த்தாலே சிஜிபிஏ எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி இன்னும் முக்கியமானது. அதைப் பல மாணவர்கள் ஏழாம் செமஸ்டரில்தான், காலம் கடந்த பிறகு, கண்டுகொள்கிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஓ கிரேடுக்கு 10 புள்ளி, ஏ பிளஸுக்கு 9, ஏ-வுக்கு 8, பி பிளஸுக்கு 7, பி-க்கு 6, சி-க்கு 5. தேறாதவர்களுக்கு யு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரெடிட் எண் உண்டு. வாரத்துக்கு ஒரு பீரியட் விரிவுரை என்றால் ஒரு கிரெடிட், ஒரு பீரியட் ஆய்வகம் என்றால் அரை கிரெடிட். ஆகவே வாரம் மூன்று பீரியட் நடக்கும் பாடம் 3 கிரெடிட், வாரம் மூன்று பீரியட் ஆய்வகம் 1.5 கிரெடிட். ஒரு பாடத்தில் வாங்கிய கிரேடு புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கினால் அந்தப் பாடம் ஈட்டித்தந்த மொத்தப் புள்ளி. எல்லாப் பாடங்களின் புள்ளிகளையும் கூட்டி, எல்லாக் கிரெடிட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சிஜிபிஏ.

நம் மாணவி நான்கு செமஸ்டரில் 88 கிரெடிட் முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஈட்டிய புள்ளி 546. 546-ஐ 88-ஆல் வகுத்தால் 6.2045, மதிப்பெண் பட்டியலில் 6.20 என்று அச்சாகும். ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களில் தலா 22 கிரெடிட் வருகின்றன. பல பொறியியல் பாடத்திட்டங்களில் எட்டாம் செமஸ்டர் முழுக்க செயல்திட்ட வேலைதான். அதற்கு 10 கிரெடிட். ஆக மீதமிருப்பது 76 கிரெடிட், முழுப் படிப்புக்கும் 164.

அவள் கணக்கு பிசகிய இடம் இப்போது தெரிகிறது. முதல் பாதி 88 கிரெடிட், இரண்டாம் பாதி 76 கிரெடிட். செமஸ்டர் எண்ணிக்கையில் இரண்டும் சமம், எடையில் சமமில்லை. குறைந்த சராசரி உள்ள பாதிதான் கனமான பாதி. சராசரிகளைச் சராசரி எடுக்கும்போது இந்த எடை வித்தியாசம் காணாமல் போகிறது. 76 கிரெடிட்டில் 7.8 என்றால் 592.8 புள்ளி, அதோடு 546-ஐக் கூட்டி 164-ஆல் வகுத்தால் 6.94.

எனவே சராசரியை ஓரமாக வைத்துவிட்டுப் புள்ளிகளோடு பேசுவோம்.

88 கிரெடிட்டிலும் அவள் சரியாக 7 வாங்கியிருந்தால் 616 புள்ளி இருந்திருக்கும். இருப்பது 546. வித்தியாசம் 70. இந்த 70-ஐப் பாக்கி என்று அழைக்கிறேன். 7 என்ற இலக்கை எட்டுவது என்றால் இந்த எழுபதைத் தீர்ப்பது, அவ்வளவுதான். எதிலிருந்து தீர்ப்பது? இனி வரும் பாடங்களில் 7-க்கு மேல் வாங்கும் புள்ளிகளிலிருந்து. ஒரு கிரெடிட்டில் 8 வாங்கினால் அதில் 7 அந்தக் கிரெடிட்டின் சொந்தத் தேவைக்கே போய்விடும், உபரி 1. 9 வாங்கினால் உபரி 2. 10 வாங்கினால் உபரி 3. பாக்கியை உபரியால் வகுத்தால் எத்தனை கிரெடிட் தேவை என்ற விடை கிடைக்கிறது. எல்லாவற்றிலும் 8 வாங்குபவளுக்கு 70 கிரெடிட் வேண்டும். 9 என்றால் 35. பத்துக்குப் பத்து என்றால் 23.3, அதாவது 24 கிரெடிட்.

இதையே சூத்திரமாக எழுதினால்:

```
N = C × (T − G) / (P − T)
```

C என்பது இதுவரை முடித்த கிரெடிட், G இப்போதைய சிஜிபிஏ, T இலக்கு, P இனி வாங்கப்போகும் கிரேடு புள்ளி, N தேவைப்படும் கிரெடிட். மேலே இருப்பது பாக்கி, கீழே இருப்பது ஒரு கிரெடிட்டின் உபரி.

சூத்திரத்தின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 9-லிருந்து 8-க்கு இறங்கும்போது தேவை 35-லிருந்து 70-ஆக, இரண்டு மடங்காகிறது. 8-லிருந்து 7.5-க்கு இறங்கினால் 140. படிப்பில் மீதமிருப்பதே 76 கிரெடிட்தான். 7.1 வாங்கினால்? 700 கிரெடிட் வேண்டும். நான்கு பட்டப்படிப்புகளை முடித்து ஐந்தாவதில் கால் வைத்தாலும் தீராது. சரியாக 7 வாங்கினால் உபரி பூஜ்யம், வகுக்கவே முடியாது; எத்தனை கிரெடிட் படித்தாலும் 7 கிட்டாது. 7-க்குக் கீழே போனால் சூத்திரம் குறை எண்ணைக் கொடுக்கும். அப்படி வந்தால் கணக்கில் பிழை இருப்பதாக எண்ண வேண்டாம். அந்த வேகத்தில் போனால் இலக்கு என்றைக்குமே வராது என்பதுதான் அதன் பொருள்.

கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும் என்று மனம் சொல்கிறது. இலக்குக்குச் சற்றே மேலே வாங்கும் மதிப்பு ஏறக்குறைய பயனற்றது என்று கணக்கு சொல்கிறது.

இங்கேதான் நான் சொன்ன அந்த மீதிப் பாதி வருகிறது. நம் மாணவி ஐந்தாம் செமஸ்டரில் 22 கிரெடிட்டிலும் சராசரியாக 7 வாங்கினாள் என்று கொள்வோம். புள்ளி 546-லிருந்து 700 ஆகும், கிரெடிட் 110 ஆகும். சிஜிபிஏ 6.36. முன்பு 6.20, இப்போது 6.36. வீட்டில் சந்தோஷப்படுவார்கள், வகுப்பு ஆலோசகரும் முன்னேற்றம் என்றுதான் சொல்வார். ஆனால் 110 கிரெடிட்டுக்கு 7 வீதம் 770 புள்ளி வேண்டும், இருப்பது 700. பாக்கி அதே 70. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆறாம் செமஸ்டரிலும் 7 வாங்கினால் 6.47, ஏழிலும் அப்படியே என்றால் 6.55, எட்டிலும் என்றால் 6.57. ஒவ்வொரு முறையும் எண் ஏறுகிறது, கடைசி நாள்வரை அந்த எழுபது அசையாமல் நிற்கிறது.

இதைவிடக் கொடுமையான ஒன்றும் நடக்கலாம். ஐந்தாம் செமஸ்டரில் 6.5 வாங்கினாள் என்றால் சிஜிபிஏ 6.20-லிருந்து 6.26 ஆகும், அதுவும் ஏற்றம்தான். பாக்கியோ 70-லிருந்து 81 ஆகிவிடும். பட்டியலில் எண் மேலே போகிறது, இலக்கு இன்னும் தூரம் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

காரணம் எளிது. சிஜிபிஏ ஏற வேண்டுமானால் புதிய செமஸ்டர் பழைய சிஜிபிஏவைத் தாண்டினால் போதும். பாக்கி குறைய வேண்டுமானால் புதிய செமஸ்டர் இலக்கைத் தாண்ட வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, நம் கணக்கில் 6.20-க்கும் 7-க்கும் இடையே, ஒரு வெளி இருக்கிறது. அங்கே நிற்கும் மாணவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் நல்ல செய்தியை மட்டுமே சொல்கிறது. சிஜிபிஏ அவர்கள் கடந்துவந்த வழியைப் பற்றிய எண். போக வேண்டிய தூரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முடிவு வெளியாகும்போதும் சிஜிபிஏவோடு பாக்கியையும் எழுதிவைக்கச் சொல்கிறேன். மொத்தக் கிரெடிட்டை இலக்கால் பெருக்கி, ஈட்டிய புள்ளியைக் கழிப்பது ஒரு நிமிட வேலை.

இந்தப் பாக்கிக்கு வட்டி கிடையாது. ஆனால் தவணைக் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது, அதனால் தவணைத் தொகை கூடுகிறது. இன்றைக்கு 70 புள்ளியை 76 கிரெடிட்டில் பரப்பினால் ஒரு கிரெடிட்டுக்கு 0.92 உபரி வேண்டும். அதாவது இனி சராசரியாக 7.92 எடுத்தால் போதும். ஐந்தாம் செமஸ்டரில் 7 வாங்கிவிட்டு நின்றால், மீதமுள்ள 54 கிரெடிட்டில் 8.30 எடுக்க வேண்டும். 6.5 வாங்கியிருந்தால் 81 புள்ளியை 54 கிரெடிட்டில் தீர்க்க 8.50. அதே ஐந்தாம் செமஸ்டரில் 8.5 வாங்கியிருந்தால் 33 புள்ளி தீர்ந்து பாக்கி 37 ஆகியிருக்கும், பிறகு 7.69 போதும். சிஜிபிஏ என்னவோ 6.66 என்றுதான் காட்டியிருக்கும். 6.36-க்கும் 6.66-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஒருவர் கடனில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தீர்த்துவிட்டார், மற்றவர் இன்னும் ஒரு புள்ளிகூடத் தீர்க்கவில்லை.

எத்தனை கிரெடிட் தேவை என்ற கேள்வியோடு எப்போது தேவை என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது. பட்டம் வாங்கும் நாளில் 7 இருந்தால் போதும் என்பவருக்கு 76 கிரெடிட்டும் கையில் உண்டு. ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போது வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்துக்கு முன்னால் 7-ஐக் காட்ட வேண்டும் என்றால் ஐந்தும் ஆறும் மட்டுமே கணக்கில் வரும், 44 கிரெடிட்தான். 70-ஐ 44-ஆல் வகுத்தால் 1.59. இரண்டு செமஸ்டரிலும் 8.59 எடுக்க வேண்டும். 6.20 எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் திடீரென்று 8.59 கேட்பது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் அது எப்படிப்பட்ட கிரேடு பட்டியலாக இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

ஒரு செமஸ்டருக்கு 35 புள்ளி உபரி. 22 கிரெடிட்டில் 3 கிரெடிட் பாடங்கள் ஐந்து, 4 கிரெடிட் பாடம் ஒன்று, 1.5 கிரெடிட் ஆய்வகம் இரண்டு என்று வைப்போம். ஆய்வகத்தில் ஓ வாங்கினால் ஒவ்வொன்றும் 4.5 உபரி தரும், இரண்டுக்கும் 9. நான்கு கிரெடிட் பாடத்தில் ஏ பிளஸ் என்றால் 8. ஆக 17. இன்னும் 18 வேண்டும். ஐந்து மூன்று-கிரெடிட் பாடங்களில் நான்கில் ஏ, ஒன்றில் ஏ பிளஸ் வாங்கினால் 12-உம் 6-உம் சேர்ந்து 18. அல்லது மூன்றில் ஏ பிளஸ் வாங்கிக்கொண்டு, கடினமான மற்ற இரண்டில் பி பிளஸோடு நிறுத்திக்கொண்டாலும் அதே 18. இரண்டு பட்டியலும் பார்வைக்கு வேறு வேறு, பாக்கியைப் பொறுத்தவரை ஒன்று. முதலாவது எல்லாப் பாடத்திலும் சீராகப் படிப்பவருக்கு ஏற்றது. இரண்டாவது, சில பாடங்களில் கை ஓங்கியும் சிலவற்றில் தடுமாறியும் இருப்பவருக்கு. தன் இயல்பு எது என்பதை மாணவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே பட்டியலில் ஒரு 3 கிரெடிட் பாடத்தில் சி வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். சி என்றால் 5 புள்ளி, 7-க்கு 2 குறைவு, மூன்று கிரெடிட்டுக்கு 6 புள்ளி பாக்கி கூடுகிறது. இன்னொரு பாடத்தில் சிரமப்பட்டு வாங்கிய ஏ பிளஸின் முழு உபரியும் இதை ஈடுகட்டவே போய்விடும். தேறினால் போதும் என்று விட்ட ஒரு பாடம், நன்றாகப் படித்த ஒரு பாடத்தை விழுங்கிவிடுகிறது.

கிரேடு படிப்படியாக ஏறுவது என்பதும் இங்கே சேரும். மதிப்பெண் எல்லை நிலையாக இருக்கும் முறையில் 71 முதல் 80 வரை ஏ, 81 முதல் 90 வரை ஏ பிளஸ். 72-லிருந்து 80-க்கு உழைத்து ஏறிய எட்டு மதிப்பெண்ணுக்குச் சிஜிபிஏவில் மதிப்பு இல்லை. 80-லிருந்து 81-க்கு ஏறிய ஒரே மதிப்பெண் 4 கிரெடிட் பாடத்தில் 4 புள்ளி தருகிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண் கையில் வந்ததும், செமஸ்டர் தேர்வில் எந்தப் பாடத்தில் எவ்வளவு எடுத்தால் அடுத்த படியைத் தொடலாம் என்று கணக்கிட்டு, கிரெடிட் கூடுதலான பாடத்துக்கு நேரத்தைத் திருப்புவது நியாயமான திட்டம். ஆனால் வகுப்பின் மதிப்பெண் பரவலைப் பார்த்து எல்லைகளை வகுக்கும் முறையும் உண்டு. அங்கே ஏ பிளஸ் எங்கே தொடங்கும் என்று தேர்வுக்கு முன்னால் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பாடங்களில் விளிம்பைக் குறிவைத்துப் படிப்பது ஆபத்து; பத்து மதிப்பெண்ணாவது மேலே குறிவைக்க வேண்டும்.

அரியர் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் காத்திருக்கும் அதிர்ச்சியை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அண்ணா பல்கலைக்கழக விதியில் யு கிரேடு வாங்கிய பாடம் சிஜிபிஏ கணக்கில் சேராது. கிரெடிட்டும் சேராது, புள்ளியும் சேராது. நம் மாணவியின் தோழி ஒருத்தி அதே 88 கிரெடிட், அதே 546 புள்ளி, அதே 6.20 வைத்திருக்கிறாள், கூடவே 4 கிரெடிட் கணிதத்தில் ஓர் அரியர். பட்டியலில் இருவரும் சமம். அடுத்த முறை அவள் கணிதத்தைச் சி கிரேடில் கிளியர் செய்கிறாள். 20 புள்ளி சேர்ந்து 566, கிரெடிட் 92. சிஜிபிஏ 6.15. அரியரை முடித்த சந்தோஷத்தில் பட்டியலைத் திறந்தால் எண் இறங்கியிருக்கிறது. பாக்கி 70-லிருந்து 78 ஆகியிருக்கிறது.

இது பல்கலைக்கழகத்தின் பிழையும் இல்லை, அநியாயமும் இல்லை. பழைய 6.20-தான் உண்மையைவிட அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது; கிளியர் செய்ததும் மறைந்திருந்த பாடம் வெளியே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைத்த பத்துப் புள்ளி முறையில் தேறாத பாடத்துக்குப் பூஜ்யம் போடப்படுகிறது. அப்படி அதையும் கணக்கில் சேர்க்கும் இடத்தில் இதே தோழியின் சிஜிபிஏ ஆரம்பத்திலேயே 546-ஐ 92-ஆல் வகுத்து 5.93 என்று காட்டியிருக்கும், பாக்கி 98. சி கிரேடில் தேறியதும் 20 புள்ளி வந்து 6.15-க்கு ஏறியிருப்பாள், பாக்கி 78 ஆகியிருக்கும். ஒரு முறையில் இறங்கியும் இன்னொன்றில் ஏறியும் அவள் வந்துசேரும் இடம் ஒன்றே. ஆகவே அரியர் உள்ளவர்கள் பாக்கி கணக்கிடும்போது, அந்தப் பாடங்களில் எதிர்பார்க்கும் கிரேடையும் இப்போதே போட்டுப் பார்த்துவிட வேண்டும். தங்கள் விதிமுறையில் தேறாத பாடம் கணக்கில் உண்டா இல்லையா என்று தெரியாமல் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை தவறாகத்தான் வரும். சிஜிபிஏ இறங்குமே என்று அரியரைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை; அதை முடிக்காமல் பட்டமே கிடைக்காது, நிலுவையில் அரியர் இருப்பவரைப் பல நிறுவனங்கள் எடுப்பதுமில்லை.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சாதகமாக அமைகிறது. அவர்களுக்குச் சிஜிபிஏ மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் தொடங்குகிறது. நான்காம் செமஸ்டர் முடிவில் அவர்களிடம் 44 கிரெடிட் அளவில்தான் இருக்கும். அதே 6.20 என்றால் பாக்கி 35 புள்ளி மட்டும். பக்கத்து இருக்கை மாணவியின் பாக்கியில் பாதி. ஒரே சிஜிபிஏ, ஒரே வகுப்பு, ஆனால் 9 வீதம் வாங்கினால் இவருக்கு 18 கிரெடிட்டில் தீர்ந்துவிடும், அவளுக்கு 35 ஆகும். முடித்த கிரெடிட் எத்தனை என்று சொல்லாமல் சிஜிபிஏவை மட்டும் சொல்லி ‘இன்னும் எவ்வளவு வேண்டும்’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இலக்கு உச்சவரம்புக்கு அருகில் போகும்போது உபரி சுருங்குகிறது. இலங்கையின் பல பல்கலைக்கழகங்களில் அளவுகோல் 4 வரை. முதல் வகுப்புக்கு 3.70 வேண்டும். ஏ-வுக்கு 4.00, ஏ மைனஸுக்கு 3.70, பி பிளஸுக்கு 3.30. 60 கிரெடிட்டில் 3.50 வைத்திருப்பவரின் பாக்கி 12 புள்ளிதான். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஏ வாங்கினாலும் ஒரு கிரெடிட்டுக்கு உபரி 0.30-க்கு மேல் கிடையாது. 40 கிரெடிட், அத்தனையும் ஏ. நடுவில் ஏ மைனஸ் வந்தால் அந்தக் கிரெடிட் பாக்கியைத் தீர்க்க உதவாது. பி பிளஸ் வந்தால் ஒரு கிரெடிட்டுக்கு 0.40 பாக்கி கூடும், அதாவது ஒரு ஏ தருவதைவிட ஒரு பி பிளஸ் அதிகமாக எடுத்துக்கொள்ளும். நம் மாணவி 7-க்குப் பதிலாகச் சிறப்புநிலை முதல் வகுப்புக்கான 8.5-ஐ நினைத்தால் இதே சுவர்தான். பாக்கி 202, உபரி உச்சபட்சம் 1.5, பத்துக்குப் பத்தாக 135 கிரெடிட் வேண்டும், இருப்பது 76. மீதி எல்லாவற்றிலும் ஓ வாங்கினாலும் அவள் பட்டம் பெறும்போது 7.96-ஐத் தாண்ட முடியாது. இதை ஐந்தாம் செமஸ்டரின் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது கசப்பாக இருக்கலாம். ஆனால் நடக்காத இலக்கைத் துரத்திவிட்டு, நடக்கக்கூடிய 7.5-ஐத் தவறவிடுவது அதைவிடக் கசப்பு. 7.5-க்குப் பாக்கி 114. 76 கிரெடிட்டிலும் சராசரியாக 9 எடுத்தால் சரியாகத் தீரும்.

கணக்கிடும்போது ஒரு சின்ன விஷயத்தில் கவனம் வேண்டும். பட்டியலில் இருக்கும் 6.20-ஐ 88-ஆல் பெருக்கினால் 545.6 வரும். கிரேடு புள்ளிகள் முழு எண்கள், கிரெடிட் முழு எண்ணோ அரையோதான். ஆகவே கூட்டுத்தொகை முழுதாகவோ அரையிலோதான் முடியும். 545.6 என்று ஒருவருக்கும் இருக்க முடியாது. அச்சான சிஜிபிஏ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்பட்டது. 7.00-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் இந்த அரைப் புள்ளி முக்கியம். அதனால் சிஜிபிஏவிலிருந்து பின்னோக்கிப் போகாமல், ஒவ்வொரு செமஸ்டர் பட்டியலையும் எடுத்துப் பாடம் பாடமாகப் பெருக்கிக் கூட்டுவதே சரி.

கடைசியாக அந்த 10 கிரெடிட் செயல்திட்டம். வேறெந்தப் பாடத்துக்கும் இவ்வளவு கிரெடிட் இல்லை. ஓ கிடைத்தால் ஒரே அடியில் 30 புள்ளி உபரி. ஏ பிளஸ் என்றால் 20. ஓ வந்தால் எழுபதில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஒரே பாடத்தில் தீர்கிறது. பலர் இதை நம்பியே ஏழாம் செமஸ்டர்வரை காத்திருக்கிறார்கள். ஆனால் 30 என்பது அதன் உச்சம். ஏழாம் செமஸ்டர் முடிவில் பாக்கி 30-க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும், உலகத்திலேயே சிறந்த செயல்திட்டத்தைச் செய்தாலும் 7 வராது. பின்னாலிருந்து கணக்குப் பார்த்தால், ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று செமஸ்டர்களின் 66 கிரெடிட்டில் குறைந்தது 40 புள்ளி தீர்ந்திருக்க வேண்டும்; அதற்குச் சராசரி 7.61. செயல்திட்டத்தில் ஏ பிளஸ்தான் வரும் என்று எடுத்துக்கொண்டால் 50 புள்ளி தீர்ந்திருக்க வேண்டும், சராசரி 7.76. நம் மாணவி ஐந்தாம் செமஸ்டர் வகுப்புக்குள் நுழையும் நாளில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இந்த 7.76. அதோடு செயல்திட்ட மதிப்பு பட்டம் கிடைக்கும் நேரத்தில்தான் பட்டியலில் ஏறும். ஏழாம் செமஸ்டரில் வந்துபோகும் நிறுவனங்களின் கண்ணில் அது படாது.